முடிவுரையை எடைபோடுதல்

முனைவர் பட்ட ஆய்வேட்டின் முடிவுரை இரண்டு கடமைகளை நிறைவேற்ற வேண்டும். முன்னுரையில் எழுப்பிய ஆய்வு வினாக்களுக்கு அது விடை சொல்ல வேண்டும். அந்த விடைகளால் துறையின் அறிவில் என்ன கூடியது என்பதையும் எடுத்துரைக்க வேண்டும். இவற்றைச் செய்யும்போது, முந்தைய இயல்களில் இல்லாத தரவையோ கோட்பாட்டையோ அது உள்ளே கொண்டுவரக் கூடாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகளின்படி ஆய்வேட்டை நெறியாளருடன் குறைந்தது இரண்டு புறத்தேர்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அதன்பின் பொது வாய்மொழித் தேர்வு நடக்கிறது. புறத்தேர்வாளர்களில் பலர் முன்னுரையைப் படித்த கையோடு முடிவுரைக்குப் போய்விடுவது வழக்கம். அதனால் அங்கே உள்ள குறைதான் முதலில் கண்ணில் படும்.

தமிழ்வழி ஆய்வேடுகளில் முடிவுரை என்ற பெயரில் பெரும்பாலும் இருப்பது இயல் சுருக்கம். 'முதல் இயலில் இது ஆராயப்பட்டது, இரண்டாம் இயலில் அது விளக்கப்பட்டது' என்று நான்கைந்து பக்கம் போகும். அதன்பின் மேலாய்வுக்கான களங்கள் என்று ஒரு பட்டியலோடு முடிந்துவிடும். இதில் எந்தத் தகவலும் தவறாக இருக்காது. ஆனால் ஆராய்ந்ததில் என்ன தெரிந்தது என்பது எங்கும் இருக்காது. 'ஆராயப்பட்டது' என்று முடியும் வாக்கியம் வேலை நடந்ததைச் சொல்கிறதே தவிர, விடையைச் சொல்வதில்லை. மதிப்பிடுபவர் அத்தகைய வாக்கியங்களை முதல் வாசிப்பிலேயே பென்சிலால் அடித்துக்கொண்டே போகலாம். அடித்தது போக மிஞ்சுவதே மதிப்பிட வேண்டிய முடிவுரை. சில ஆய்வேடுகளில் மிஞ்சுவது அரைப் பக்கம்கூட இருக்காது. அந்த நிலையில் மேற்கொண்டு நுணுக்கமாகப் பார்க்க ஏதுமில்லை. முடிவுரையைப் புதிதாக எழுதச் சொல்லித் திருப்பி அனுப்புவதே ஆய்வாளருக்குச் செய்யும் உதவி.

எடுத்துக்காட்டு ஆய்வேடு

முறையை விளக்க ஓர் ஆய்வேட்டைக் கற்பனையாக அமைத்துக்கொள்ளலாம். தமிழ்நாடு விவசாயிகள் பாசன முறைமைகள் மேலாண்மைச் சட்டம் 2000-இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைக்கப்பட்டன. சிவகங்கை மாவட்டத்தில் இத்தகைய சங்கம் உள்ள மூன்று கண்மாய்களை ஓர் ஆய்வாளர் எடுத்துக்கொள்கிறார். பெரிய கண்மாய், நடுக்கண்மாய், சின்னக் கண்மாய் என்று அவற்றுக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். இரண்டு சம்பா பருவங்கள் களப்பணி செய்து, ஆயக்கட்டு விவசாயிகளையும் சங்கப் பொறுப்பாளர்களையும் நேர்காணல் செய்கிறார். முன்னுரையில் அவர் வைக்கும் வினாக்கள் மூன்று:

சங்கம் வந்த பிறகு எந்த மடையை எப்போது திறப்பது என்ற முடிவை எடுப்பவர் யார்?

சங்கம் வந்ததால் கடைமடை வயல்களுக்குக் கிடைக்கும் தண்ணீரில் மாற்றம் ஏற்பட்டதா?

மடை திறந்து வயலுக்கு வயல் தண்ணீர் பாய்ச்சும் நீர்ப்பாய்ச்சியின் வேலை சில கண்மாய்களில் நீடிப்பதும் சிலவற்றில் மறைவதும் ஏன்?

நான்காம் இயல் முதல் வினாவை எடுத்துக்கொள்கிறது. பெரிய கண்மாயில் முடிவெடுப்பது சங்கம். மற்ற இரண்டிலும் முடிவெடுப்பது ஊர்க்கூட்டம். சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் அது பிறகு பதிவாகிறது. ஐந்தாம் இயல் எத்தனை முறை தண்ணீர் பாய்ந்தது என்று எண்ணிக் கணக்கிடுகிறது. மூன்று கண்மாய்களிலும் தலைமடையைவிடக் கடைமடைக்குக் குறைவாகவே பாய்ந்திருக்கிறது. பெரிய கண்மாயில் ஒரு பருவத்தில் தலைமடைக்கு 14 முறை, கடைமடைக்கு 9 முறை. சங்கம் வருவதற்கு முந்தைய நிலை பற்றி ஆய்வாளரிடம் இருப்பது பெரியவர்களின் நினைவு மட்டுமே. ஆறாம் இயல் நீர்ப்பாய்ச்சிகளைப் பற்றியது. பெரிய கண்மாயிலும் நடுக்கண்மாயிலும் அறுவடையின்போது ஆயக்கட்டுதாரர் எல்லோரும் ஏக்கருக்கு இவ்வளவு நெல் என்று அளந்துகொடுப்பதால் அந்த வேலை நீடிக்கிறது. சின்னக் கண்மாயில் தலைமடைக்காரர் பலர் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டு நெல் அளப்பதை நிறுத்திவிட, நீர்ப்பாய்ச்சியும் வேலையை விட்டுவிட்டார்.

இந்த ஆய்வேட்டின் முடிவுரையிலிருந்து ஆறு வாக்கியங்கள்:

1. மூன்று கண்மாய்களிலும் முடிவெடுக்கும் முறை குறித்து நான்காம் இயலில் விரிவாக ஆராயப்பட்டது.

2. சங்கங்கள் ஏற்பட்டதால் கடைமடை விவசாயிகள் பெரிதும் பயனடைந்துள்ளனர்.

3. நீர்ப்பாய்ச்சி முறை மூன்று கண்மாய்களிலும் வெவ்வேறு நிலையில் காணப்படுகிறது.

4. சங்கக் கூட்டங்களுக்குத் தங்களை அழைப்பதில்லை என்று பெண் விவசாயிகள் பலர் தெரிவித்தனர்.

5. எலினார் ஆஸ்ட்ரம் வகுத்த எட்டு நெறிகளில் பெரும்பாலானவை இக்கண்மாய்களில் பின்பற்றப்படவில்லை.

6. தமிழகக் கண்மாய்களைச் சமூகவியல் நோக்கில் இதுவரை யாரும் ஆராயாத நிலையில், இவ்வாய்வு வருங்கால ஆய்வாளர்களுக்கு வழிகாட்டியாக அமையும்.

படித்துச் செல்லும்போது ஆறும் இயல்பாகத்தான் ஒலிக்கின்றன. ஆனால் ஆறில் ஒன்றுகூட அப்படியே நிற்கத் தக்கதல்ல.

வினாவும் விடையும்

மதிப்பீட்டை முடிவுரையில் தொடங்கக் கூடாது. முதலில் முன்னுரையைத் திறந்து, ஆய்வு வினாக்களை ஒரு தாளில் சொல் மாறாமல் எழுதிக்கொள்ள வேண்டும். முடிவுரையின் தொடக்கத்திலும் வினாக்கள் திரும்பச் சொல்லப்பட்டிருக்கும். அவற்றை நம்பிவிடக் கூடாது. நான்கைந்து ஆண்டுகள் வேலை செய்ததில் வினா ஆய்வாளருக்கே தெரியாமல் நகர்ந்திருக்கலாம். 'மாற்றம் ஏற்பட்டதா' என்று முன்னுரையில் கேட்டது, முடிவுரையில் 'சங்கங்களின் பங்கு என்ன' என்று தளர்ந்திருக்கும். தளர்ந்த வினாவுக்கு எந்த விடையும் பொருந்திவிடும். முன்னுரையின் வாசகத்தையும் முடிவுரையின் வாசகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் இந்த நகர்வு தெரியும்.

களப்பணியின் போக்கில் வினா மாறுவது குற்றமல்ல; களம் சார்ந்த ஆய்வுகளில் அது இயல்பு. ஆனால் மாறிய வினா முன்னுரையிலும் ஏற வேண்டும். ஏன் மாறியது என்று ஆய்வு முறையியல் இயலில் சொல்லப்பட வேண்டும். சொல்லாமல் மாற்றியிருந்தால் திருத்த வேண்டிய இடம் முன்னுரை. முடிவுரையை மட்டும் திருத்தச் சொன்னால் ஆய்வாளர் செய்யாத ஆய்வுக்கு விடை எழுதத் தள்ளப்படுவார்.

வினாக்களை எழுதிய பிறகு, ஒவ்வொன்றுக்கும் முடிவுரையில் விடையாக நிற்கும் வாக்கியத்தைத் தேடி அதன் எதிரே எழுத வேண்டும். ஒரே வாக்கியத்தைச் சுட்டிக்காட்ட முடியாமல், 'இந்தப் பக்கம் முழுவதும்தான் விடை' என்று தோன்றினால் விடை இல்லை என்றே கொள்ளலாம். மேலே உள்ள எடுத்துக்காட்டில் முதல் வினாவுக்கு எதிரே எழுதக் கிடைப்பது முதல் வாக்கியம். 'யார்' என்று கேட்ட இடத்தில் 'ஆராயப்பட்டது' என்று பதில் வருகிறது. இத்தனைக்கும் நான்காம் இயலில் தெளிவான விடை இருக்கிறது. இது ஆய்வின் குறையல்ல, எழுத்தின் குறை; ஒரு மாலையில் சரிசெய்துவிடலாம்.

மூன்றாம் வாக்கியத்தின் குறை இதைவிட நுட்பமானது. வினா 'ஏன்' என்று கேட்கிறது. வாக்கியம் 'எப்படி இருக்கிறது' என்று விவரிக்கிறது. காரணம் கேட்ட வினாவுக்கு விவரணையை விடையாகத் தருவது ஆய்வேடுகளில் மிக அடிக்கடி நேரும் சறுக்கல். சொல்லப்படுவது உண்மை என்பதாலும், வினாவின் சொற்கள் விடையிலும் திரும்ப வருவதாலும் அது எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. விடை வாக்கியத்தை வினாவோடு சேர்த்து வாய்விட்டுப் படித்தால் பொருந்தாமை காதில் விழும்.

இரண்டாம் வாக்கியம்தான் கடுமையான குறை. அது 'மாற்றம் ஏற்பட்டது' என்று நேரடியாக விடை சொல்கிறது, ஆனால் அந்த விடைக்கு ஐந்தாம் இயலில் ஆதாரம் இல்லை. அங்கே இருக்கும் எண்கள் தலைமடைக்கும் கடைமடைக்கும் இன்று உள்ள வேறுபாட்டைக் காட்டுபவை. மாற்றத்தைச் சொல்ல முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்று இரண்டு அளவுகள் வேண்டும். முன்பு எவ்வளவு என்பதற்கு இருப்பது நினைவு மட்டுமே. அதோடு 14-க்கு 9 என்ற எண் 'பெரிதும் பயனடைந்துள்ளனர்' என்ற தொடருக்கு எதிர்த் திசையில் நிற்கிறது. ஒரு வினாவுக்கு 'கிடைத்த தரவைக் கொண்டு இதற்கு விடை சொல்ல இயலாது' என்பதும் விடைதான். அதை எழுதினால் பட்டம் தட்டிப்போகும் என்ற பயம் ஆய்வாளர்களிடம் பரவலாக இருக்கிறது. தேர்வாளரின் கண்ணுக்கு உறுத்துவது தரவு தாங்காத உறுதிதானே தவிர, எல்லையை ஒப்புக்கொள்ளும் வாக்கியம் அல்ல.

புதுப் பொருளை அடையாளம் காணுதல்

முடிவுரையில் புதிதாக எதுவும் வரக் கூடாது என்ற விதியைப் பல நெறியாளர்கள் அளவுக்கு மீறி இறுக்கிப் பிடிக்கிறார்கள். விளைவாக, முந்தைய இயல்களில் உள்ள வாக்கியங்களையே வெட்டி ஒட்டிய முடிவுரைகள் வருகின்றன. தடை இருப்பது புதிய சான்றுக்கு: புதிய தரவு, புதிய மேற்கோள், புதிய கோட்பாடு, புதிய எடுத்துக்காட்டு. ஏற்கெனவே வைத்த சான்றுகளை ஒன்றுசேர்த்துப் பார்க்கும்போது எழும் புதிய கருத்துக்குத் தடை இல்லை. அது முடிவுரையில்தான் எழ வேண்டும்.

வேறுபாட்டைக் கண்டறிய ஓரத்தில் பக்க எண் இடும் முறை உதவும். முடிவுரையின் ஒவ்வொரு கூற்றுக்கும் நேராக, அதைத் தாங்கும் முந்தைய பக்கத்தின் எண்ணைப் பென்சிலால் எழுத வேண்டும். ஒரு பக்கமோ பல பக்கங்களோ கிடைத்தால் கூற்று நிற்கும். எதுவும் கிடைக்காவிட்டால் அது புதுப் பொருள்.

நான்காம் வாக்கியத்துக்கு எண் இட முடியாது. பெண் விவசாயிகளிடம் எடுத்த நேர்காணல் நான்காம் இயலில் எங்கும் வரவில்லை. இங்கே மதிப்பிடுபவர் உடனே அடித்துவிடாமல் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்தத் தகவல் முதல் வினாவின் விடையை மாற்றுமா? மாற்றும். முடிவெடுப்பது யார் என்ற வினாவில், கூட்டத்துக்கே அழைக்கப்படாதவர்கள் யார் என்பதும் அடங்கும். ஆகவே இந்தத் தரவை நீக்கச் சொல்வது தவறான அறிவுரையாகிவிடும். எத்தனை பேரிடம் கேட்கப்பட்டது, எந்தக் கண்மாயில், சங்கத் தரப்பு என்ன சொன்னது என்ற விவரங்களோடு அது நான்காம் இயலில் ஏற வேண்டும். அதன்பின் முடிவுரையில் ஒரு வாக்கியமாக அதற்கு இடம் உண்டு.

ஐந்தாம் வாக்கியத்தின் நிலை வேறு. ஆஸ்ட்ரம் 1990-இல் வெளியிட்ட நூலில் பொதுவளங்களை நெடுங்காலம் காத்துவந்த சமூகங்களை ஒப்பிட்டு எட்டு நெறிகளை வகுத்தார். 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். கண்மாய் ஆய்வில் அவர் பெயர் வருவது பொருத்தமே. ஆனால் இந்த ஆய்வேட்டின் இலக்கிய மீளாய்வில் அவர் இல்லை; தரவு அந்த எட்டு நெறிகளை அளவுகோலாகக் கொண்டு திரட்டப்படவும் இல்லை. எந்த நெறி எந்தக் கண்மாயில் பின்பற்றப்படவில்லை என்று கேட்டால் ஆய்வாளரிடம் பதில் இருக்காது. வாய்மொழித் தேர்வில் அந்தக் கேள்வி வந்தே தீரும். கோட்பாட்டுப் பெயரால் முடிவுரைக்குக் கனம் சேர்க்க முயன்றதாகவே இது தெரிகிறது. இதற்குத் தீர்வு நீக்குவதுதான். முழு ஆய்வையும் அந்தக் கோட்பாட்டின் வழியே திரும்ப எழுத நேரம் இருந்தாலொழிய, முந்தைய இயலில் இரண்டு பத்தி செருகுவதால் பயனில்லை. செருகல் அப்பட்டமாகத் தெரியும்.

இவற்றுக்கு மாறாக, முடிவுரையில் வந்திருக்க வேண்டியதும் வராமல் போனதும் ஒன்று உண்டு. மூன்று கண்மாய்களிலும் சங்கம் இருக்கிறது. ஒன்றில் மட்டுமே நீர்ப்பாய்ச்சி மறைந்தார். பெரிய கண்மாயில் சங்கமே முடிவெடுத்தும் அவர் நீடிக்கிறார். சின்னக் கண்மாயில் முடிவு ஊர்க்கூட்டத்தின் கையில் இருந்தும் அவர் இல்லை. நான்காம் இயலையும் ஆறாம் இயலையும் அருகருகே வைத்தால், அந்த வேலை மறைந்ததற்குச் சங்கத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது என்பது புலனாகும். ஆழ்துளைக் கிணறு வந்த இடத்தில் நெல் அளக்கும் ஏற்பாடு முறிந்தது என்பதே தரவு காட்டும் பொருத்தமான காரணம். சங்கம் காரணமல்ல என்ற இந்த வாக்கியம் எந்த இயலிலும் இல்லை, ஆனால் ஓரத்தில் இரண்டு இயல்களின் பக்க எண்களையும் இட முடியும். வெட்டி ஒட்டிய முடிவுரைகளில் விடுபட்டுப்போவது பெரும்பாலும் இப்படிப்பட்ட வாக்கியம்தான். இதைக் கண்டுபிடித்துச் சொல்லும் மதிப்பீட்டாளர், குறை காண்பதைவிடப் பெரிய உதவியைச் செய்கிறார்.

பரிந்துரைகளும் மேலாய்வுக் களங்களும் இயல்பிலேயே எதிர்காலத்தைப் பற்றியவை. அவற்றில் ஓரளவு புதுமை இருக்கும். அங்கேயும் ஒவ்வொரு பரிந்துரையும் ஒரு கண்டறிதலிலிருந்து கிளைத்திருக்க வேண்டும். மடைகளுக்குத் தானியங்கிக் கதவு பொருத்த வேண்டும் என்று இந்த ஆய்வேடு பரிந்துரைத்தால் அதற்கு எந்த இயலிலும் வேர் இல்லை. நெல் அளக்கும் ஏற்பாட்டைச் சங்கத்தின் பொறுப்பில் கொண்டுவருவது பற்றி யோசிக்கலாம் என்றால் அதற்கு ஆறாம் இயல் துணை நிற்கும்.

பங்களிப்பு

ஆறாம் வாக்கியத்தில் இரண்டு வழக்கமான குறைகள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று, 'இதுவரை யாரும் ஆராயவில்லை' என்பது. தமிழ்நாட்டுக் கண்மாய்களின் சமூகவியலை முதன்மைப் பொருளாகக் கொண்ட டேவிட் மோஸின் 'தி ரூல் ஆஃப் வாட்டர்' 2003-இலேயே வெளிவந்துவிட்டது. அந்நூலை அறிந்த தேர்வாளர் இந்த வரியைக் கண்டதும் இலக்கிய மீளாய்வையே சந்தேகிக்கத் தொடங்குவார். மற்றது, 'வருங்கால ஆய்வாளர்களுக்கு வழிகாட்டியாக அமையும்' என்பது. எந்தத் துறையின் எந்த ஆய்வேட்டிலும் இதே வரியை மாற்றாமல் போடலாம். அதனாலேயே அது எதையும் சொல்வதில்லை.

பங்களிப்பைச் சொல்லும் வாக்கியத்தில் மூன்று செய்திகள் தெரிய வேண்டும்: முன்பு அறிந்திருந்தது என்ன, இந்த ஆய்வால் கூடியது அல்லது திருந்தியது என்ன, அது எந்த எல்லைக்குள் செல்லும். முதல் செய்திக்கு இலக்கிய மீளாய்விலும் இரண்டாவதற்குக் கண்டறிதல் இயல்களிலும் மூன்றாவதற்கு முறையியல் இயலிலும் பக்க எண் இட முடிய வேண்டும். களப்பணியில் பட்ட பாடு பங்களிப்பு ஆகாது. முதன்முதலாகத் திரட்டப்பட்ட தரவும் அதனால் ஒரு வினா தெளியும்போதுதான் பங்களிப்பாகிறது. சமூகத்துக்குப் பயன்படும் என்பது வேறு கணக்கு. அதைத் தனியாகச் சொல்லலாம். பங்களிப்பின் இடத்தில் வைக்கக் கூடாது.

எல்லையைச் சரிபார்ப்பதே இங்கே மிகவும் கவனம் வேண்டும் வேலை. தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் இருப்பதாகக் கணக்கு. மூன்றைப் பார்த்த ஆய்வு மற்றவற்றின் நிலையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் மூன்று இடங்களை ஒப்பிட்டு ஒரு பொதுக் கருத்தை அசைக்க முடியும். சங்கம் வந்தால் மரபான ஏற்பாடுகள் தாமாகவே அழியும் என்று ஒருவர் சொன்னால், அப்படி அழியாத இரண்டு கண்மாய்களைக் காட்டுவதே போதுமான மறுப்பு. 'எல்லா இடத்திலும் இப்படித்தான்' என்று சொல்ல ஆயிரக்கணக்கான சான்றுகள் வேண்டும். 'எல்லா இடத்திலும் அப்படி இல்லை' என்று சொல்ல ஒன்றிரண்டு போதும். சிறிய ஆய்வுகளின் பங்களிப்பு பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதை அடக்கத்தோடு சொல்லும்போது வாதம் வலுக்கிறது.

திருத்திய வடிவம்

மேற்கண்ட குறிப்புகளின்படி திருத்தினால் முடிவுரையின் மையப் பகுதி ஏறக்குறைய இப்படி அமையும்:

'பெரிய கண்மாயில் மடை திறக்கும் முடிவைச் சங்கம் எடுக்கிறது. மற்ற இரண்டிலும் ஊர்க்கூட்டமே எடுக்கிறது. சங்கம் அதைப் பதிவு செய்கிறது. கடைமடைக்கு வரும் தண்ணீர் சங்கத்தால் கூடியதா குறைந்ததா என்பதை இந்த ஆய்வின் தரவைக் கொண்டு சொல்ல இயலாது. முந்தைய நிலைக்கு அளவீடு இல்லை. ஆய்வு நடந்த இரண்டு பருவங்களிலும் மூன்று கண்மாய்களிலும் கடைமடை பின்தங்கியே இருந்தது என்பது மட்டும் உறுதி. நீர்ப்பாய்ச்சியின் வேலை, ஆயக்கட்டுதாரர் எல்லோரும் நெல் அளக்கும் இடங்களில் நீடிக்கிறது. ஆழ்துளைக் கிணறுகளால் அந்த ஏற்பாடு முறிந்த இடத்தில் மறைந்திருக்கிறது. மூன்றிலும் சங்கம் இருப்பதால் இந்த வேறுபாட்டுக்குச் சங்கத்தைக் காரணமாகக் கொள்ள முடியாது. 2000 சட்டத்துக்குப் பிந்தைய கண்மாய் நிர்வாகத்தில் சட்ட அமைப்பும் மரபான ஏற்பாடும் ஒன்றையொன்று விலக்காமல் இயங்கக்கூடும் என்பதை இவ்வாய்வு மூன்று கண்மாய்களின் அளவில் காட்டுகிறது.'

இந்தப் பத்தி முதல் வடிவத்தைப் போல எதையும் உயர்த்திப் பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓரத்தில் பக்க எண் இடலாம். மூன்று வினாக்களுக்கும் எதிரே ஒரு விடையை எழுதலாம்.

அறிக்கை எழுதும்போது

மதிப்பீட்டு அறிக்கையில் 'முடிவுரை வலுவாக இல்லை' என்று பொதுவாக எழுதினால் ஆய்வாளர் அதில் பத்துப் பக்கம் கூட்டுவார். குறை அப்படியே இருக்கும். குறை எந்த வாக்கியத்தில் உள்ளது, அதன் வேர் எந்த இயலில் உள்ளது என்று இரண்டையும் குறிப்பிட வேண்டும். எடுத்துக்காட்டில் முதலாவதும் மூன்றாவதும் ஆறாவதும் முடிவுரையிலேயே திருந்தும். நான்காவதற்கு நான்காம் இயலைத் திறக்க வேண்டும். ஐந்தாவது நீங்கும். இரண்டாவதற்கு இரண்டு வழிகள் உண்டு: வினாவை 'வேறுபாடு' பற்றியதாக முன்னுரையில் மாற்றி, மாற்றியதை முறையியலில் பதிவு செய்வது, அல்லது வினாவை அப்படியே வைத்து, விடை கிடைக்காததை ஒப்புக்கொள்வது. பழைய பாசனப் பதிவேடுகள் நீர்வளத் துறையிலோ கிராமக் கணக்குகளிலோ கிடைக்க வாய்ப்பிருந்தால் மூன்றாவது வழியும் திறக்கும்; ஆனால் அது மேலும் பல மாத வேலை. அதைக் கோருவதா விடுவதா என்பதை, அந்த வினா இல்லாமல் ஆய்வேடு நிற்குமா என்று பார்த்து முடிவு செய்யலாம். இந்த ஆய்வேட்டில் முதல் வினாவும் மூன்றாம் வினாவும் தம்மளவில் நிற்பதால், கோர வேண்டிய அவசியம் இல்லை.